திணறும் லேப்டாப்: உள்ளிருந்தே ரீசெட்டா, பென்டிரைவிலிருந்து புது விண்டோஸா?

லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு தட்டிவிட்டு, டீ போட்டுக்கொண்டு வந்தாலும் திரையில் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து சர்வீஸ் கடையில் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டுடலாம் சார்." வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் இருந்தால் அவர் வேறு யோசனை சொல்வார்: "அதெல்லாம் வேண்டாம், விண்டோஸ்லயே ரீசெட் இருக்கு." இரண்டு வழியும் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துவது ஒரே இடத்தில்தான்: நாடு, மொழி, வைஃபை பாஸ்வேர்டு கேட்கும் புத்தம் புதிய முதல் திரை. அதனால் இரண்டும் ஒன்றே என்று நினைப்பவர்கள் உண்டு. பென்டிரைவிலிருந்து போட்டால்தான் உண்மையான சுத்தம் என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு.

எது போகிறது, எது மிஞ்சுகிறது, புதிய விண்டோஸுக்கான கோப்புகள் எங்கிருந்து வருகின்றன என்ற மூன்று கேள்விகளில்தான் வித்தியாசம் இருக்கிறது.

முதலில் நோயைப் பார்க்க வேண்டும்

இரண்டு வழிகளாலும் குணமாகாத மெதுவும் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் "Task Manager" திறக்கும். அதில் "Performance" பக்கத்துக்குப் போய், எந்த நிரலையும் திறக்காமல் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

அங்கே டிஸ்க்கின் பெயருக்குக் கீழே "HDD" என்று இருந்து, சும்மா இருக்கும்போதும் பயன்பாடு 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், குற்றவாளி பெரும்பாலும் அந்தச் சுழலும் ஹார்டு டிஸ்க்தான். ஒரே பெரிய சினிமா கோப்பை வாசிக்கும்போது லேப்டாப் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தைத் தொடும். ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். அந்த வேலையில் அதே டிஸ்க்கின் வேகம் நொடிக்கு ஓரிரு எம்பிக்கு இறங்கிவிடும். விண்டோஸ் 10, 11 இரண்டும் பின்னணியில் இடைவிடாமல் இப்படிப்பட்ட சின்னச் சின்ன வாசிப்புகளைச் செய்பவை. எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அந்த முள் வேகமாக நகரப்போவதில்லை. எஸ்எஸ்டி மாற்றுவதுதான் அங்கே வைத்தியம்.

ரேம் 4 ஜிபி மட்டும் இருந்து, பிரவுசரில் நாலு பக்கம் திறந்ததும் "Memory" 90 சதவீதத்தைத் தாண்டினால் கதை அதேதான். டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கோப்பைத் திறக்கும்போது அரை நிமிடம் உறைந்து நிற்பது, டிக் டிக் என்ற ஓசை, நகலெடுக்கும்போது பிழைச் செய்தி ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த டிஸ்க்கில் ரீசெட்டை ஓட்டினால் நடுவழியில் நின்று, விண்டோஸும் இல்லை, கோப்புகளும் இல்லை என்ற நிலை வரலாம். முதல் வேலை கோப்புகளை வெளியே எடுப்பது, இரண்டாவது டிஸ்க்கை மாற்றுவது.

எஸ்எஸ்டி இருக்கிறது, ரேம் போதுமான அளவு இருக்கிறது, வாங்கியபோது பறந்த கணினி இன்று தவழ்கிறது என்றால்தான் மென்பொருள் பக்கம் சந்தேகப்பட இடமிருக்கிறது.

ரீசெட் உள்ளே என்ன செய்கிறது

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது இந்த வசதி முதன்முதலாக உள்ளேயே வந்தது. இன்று விண்டோஸ் 11இல் "Settings", "System", "Recovery" என்று போனால் "Reset this PC" என்ற வரி தெரியும். அதை அழுத்தியதும் இரண்டு கேள்விகள் வரும். கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் அழிக்கவா என்பது முதல் கேள்வி. "Cloud download" வேண்டுமா, "Local reinstall" வேண்டுமா என்பது இரண்டாவது. பலரும் இரண்டாவதை யோசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

"Local reinstall" என்றால் இணையத்திலிருந்து எதுவும் இறங்காது. கணினிக்குள்ளேயே விண்டோஸ் தன் பாகங்களைச் சேமித்து வைத்திருக்கும் WinSxS என்ற கோப்புறையிலிருந்து எடுத்து, புதிய விண்டோஸ் ஒன்றைக் கட்டுகிறது. பழைய வீட்டை இடித்து, அதே செங்கல்லைக் கொண்டு திரும்பக் கட்டுவது போன்ற வேலை இது. செங்கல் நன்றாக இருந்தால் வீடும் நன்றாக இருக்கும். அந்தச் சேமிப்பிலேயே சில கோப்புகள் கெட்டிருந்தால், ரீசெட் பாதியில் நின்றுவிடும். அல்லது பழைய கோளாறு புதியதிலும் தலைகாட்டும்.

2020 மே மாதம் வெளியான விண்டோஸ் 10 பதிப்பில் வந்ததுதான் "Cloud download". 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகும் என்று திரையிலேயே எச்சரிக்கை வரும். மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து புதிய கோப்புகள் இறங்குவதால், உள்ளே கெட்டுப்போன கோப்புகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் இறங்குவது ஏற்கெனவே இருந்த அதே பதிப்புதான். விண்டோஸ் 10 இருந்த கணினிக்கு விண்டோஸ் 10தான் திரும்பி வரும்.

எந்த வழியில் ரீசெட் செய்தாலும் இரண்டு விஷயங்கள் தப்பிப் பிழைக்கும். ஒன்று, டிரைவர்கள். வைஃபை, ஒலி, டச்பேட் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே உள்ள டிரைவர்களை ரீசெட் புதிய விண்டோஸுக்குள் எடுத்து வருகிறது. முதல் திரையிலேயே வைஃபை வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். மற்றொன்று, லேப்டாப் நிறுவனம் ஆலையிலேயே வைத்து அனுப்பிய மென்பொருள்கள். C:\Recovery என்ற மறைவான கோப்புறையில் அவை ஒரு பொதியாக இருக்கும். சோதனைக்கால ஆன்டிவைரஸ், நிறுவனத்தின் "உதவியாளர்" நிரல், கேம் விளம்பரம் எல்லாம் அந்தப் பொதிக்குள் இருந்து மறுபடி எழுந்து வரலாம்.

ஒரு லேப்டாப்பை வைத்துப் பார்ப்போம்

2022இல் வாங்கியது, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம் என்று வைத்துக்கொள்வோம். சி டிரைவில் 9 ஜிபிதான் மிச்சம். ஆலையிலிருந்து வந்த ஆன்டிவைரஸின் சோதனைக்காலம் எப்போதோ முடிந்திருக்கிறது. அதை நீக்காமலே இன்னொன்றையும் போட்டிருக்கிறார்கள். "Startup apps" பட்டியலில் இருபதுக்கும் மேல் நிரல்கள் காத்திருக்கின்றன. நடுத்தரக் குடும்பங்களில் அடிக்கடி காணக்கூடிய கணினிதான்.

இதற்குப் பென்டிரைவ் தேவையில்லை. முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். அடுத்து, aka.ms/myrecoverykey என்ற முகவரியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்து, பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். ஏதாவது சிக்கல் வந்தால் கணினி கேட்கப்போவது அந்தச் சாவியைத்தான்.

மூன்றாவதாக, மீட்புப் பகுதி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "Terminal" நிரலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இந்த வரியைத் தட்டலாம்:

```
reagentc /info
```

"Windows RE status" என்பதற்கு எதிரே "Enabled" என்று வந்தால் மேலே போகலாம். "Disabled" என்று இருந்தால் `reagentc /enable` என்று தட்டிப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் ரீசெட் அங்கே வேலை செய்யாது.

பிறகு சார்ஜரைச் செருகிவிட்டு, "Remove everything", "Cloud download" என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து வரும் "Additional settings" திரையில் "Change settings" என்ற சின்ன இணைப்பு இருக்கும். பலர் அதைத் தொடாமலே "Next" அழுத்திவிடுகிறார்கள். அதைத் திறந்தால், நிறுவனத்தின் பொதி உள்ள கணினிகளில் "Restore preinstalled apps?" என்ற கேள்வி தெரியும். அதை "No" ஆக்கினால், முன்பு சொன்ன ஆலை மென்பொருள்கள் திரும்பி வராது. பென்டிரைவிலிருந்து போட்டால்தான் கிடைக்கும் என்று நினைக்கும் சுத்தத்தில் பெரும்பகுதி இந்த ஒரு பொத்தானிலேயே கிடைத்துவிடுகிறது.

அதே திரையில் "Clean data?" என்ற இன்னொரு பொத்தானும் உண்டு. கணினியை விற்கப் போகிறவர்களுக்கானது அது. கோப்புகளை மீட்க முடியாதபடி டிஸ்க்கின் மேல் எழுதி அழிக்கும் என்பதால், பெரிய ஹார்டு டிஸ்க்கில் பல மணி நேரம் பிடிக்கும். சொந்த உபயோகத்துக்குத் திரும்ப வைத்துக்கொள்கிறவர்கள் அதைத் தொட வேண்டியதில்லை.

"கோப்புகள் இருக்கும்" என்றால் எவை இருக்கும்?

"Keep my files" என்று தேர்ந்தெடுப்பவர்கள் பலர் எதுவுமே போகாது என்று நம்புகிறார்கள். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், படங்கள் ஆகியவை இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் Windows, Program Files, ProgramData ஆகிய கோப்புறைகளும், ஒவ்வொரு பயனர் கணக்குக்குள்ளும் மறைந்திருக்கும் AppData கோப்புறையும் அகற்றப்படும். கணக்கில் உள்நுழையாமல் பயன்படுத்திய பிரவுசரின் புக்மார்க்குகள் இருப்பது AppDataவில். பழைய கணக்கு மென்பொருள் சில, தரவை Program Filesக்குள்ளேயே எழுதி வைக்கும். ரீசெட் முடிந்ததும் இவை உடனே அழிந்துவிடாது. Windows.old என்ற கோப்புறையில் பத்து நாள் இருக்கும், அதன்பின் விண்டோஸே அதை நீக்கிவிடும். நீக்கப்பட்ட நிரல்களின் பட்டியல் ஒன்று டெஸ்க்டாப்பில் காத்திருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இங்கே ஒரு தனிக் கண்ணி உண்டு. பாமினி போன்ற பழைய யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் வருடக்கணக்காகக் கடிதமும் அழைப்பிதழும் தட்டியவர்களின் கோப்புகள் டாகுமென்ட்ஸில் பத்திரமாக இருக்கும். ஆனால் எழுத்துரு இருப்பது C:\Windows\Fonts கோப்புறையில். விண்டோஸோடு சேர்ந்து அதுவும் போய்விடும். ரீசெட்டுக்குப் பிறகு கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் குறியீடுமாகப் பக்கம் முழுக்கக் கிறுக்கல் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் சரியாகிவிடும். அதற்கு எழுத்துருக் கோப்புகளை முன்பே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்திருக்க வேண்டும். என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற தட்டச்சு நிரல்களையும் புதிதாகப் போட வேண்டும்.

ரீசெட்டே காலை வாரும்போது

வட்டம் 30, 40 சதவீதம் வரை போய், பின்பு "There was a problem resetting your PC. No changes were made" என்று திரும்பி வருவது அடிக்கடி நடப்பதுதான். உள்ளே சேமித்த கோப்புகள் கெட்டிருப்பது ஒரு காரணம், மீட்புப் பகுதி சேதமாகியிருப்பது இன்னொன்று. சில சமயம் தவறு மைக்ரோசாஃப்ட்டினுடையதாகவே இருக்கும். 2025 ஆகஸ்ட் மாதப் பாதுகாப்பு அப்டேட் போட்ட விண்டோஸ் 10 கணினிகளிலும், விண்டோஸ் 11இன் முந்தைய பதிப்புகளிலும் ரீசெட் தோல்வியடைந்தது. ஒரு வாரத்தில் அவசரத் திருத்தம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு, விண்டோஸ் 11இன் மீட்புத் திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. அதையும் சில நாட்களில் சரிசெய்தார்கள். உள்ளிருந்தே செய்யும் வழி, உள்ளே இருக்கும் விண்டோஸின் நலத்தை நம்பித்தான் இருக்கிறது.

பென்டிரைவ் வழிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வேலை செய்யும் இன்னொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து "Media Creation Tool" என்ற நிரலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவைச் செருகி ஓட்டினால், அது நிறுவல் பென்டிரைவாக மாறிவிடும். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். பிறகு லேப்டாப்பை அணைத்து, திறக்கும்போது பூட் மெனுவுக்கான விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் F12, எச்பியில் F9.

பலரும் பயப்படும் லைசென்ஸ் விஷயம் இங்கே எளிதானது. விண்டோஸ் 8 காலம் முதல் விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கும். விண்டோஸ் 10, 11இன் டிஜிட்டல் உரிமமும் அந்தக் கணினியோடு பிணைந்தது. கேட்டால் "I don't have a product key" என்று அழுத்தி, முன்பிருந்த அதே வகையை, ஹோம் என்றால் ஹோமையே தேர்ந்தெடுத்தால் போதும். இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

அபாயமான திரை அடுத்தது. டிஸ்க்கின் பகுதிகள் பட்டியலாக வரும்: 100 எம்பி அளவில் ஒன்று, 16 எம்பியில் ஒன்று, பெரியதாக ஒன்று, கடைசியில் மீட்புப் பகுதி. முழுச் சுத்தம் வேண்டுமென்றால் அந்த டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் நீக்கி, கிடைக்கும் காலியிடத்தைத் தேர்ந்தெடுத்து "Next" அழுத்தினால், வேண்டிய பகுதிகளை விண்டோஸே உருவாக்கிக்கொள்ளும். ஆனால் டி டிரைவும் அதே டிஸ்க்கின் ஒரு பகுதியாக இருக்கலாம். இரண்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் "Disk 0", "Disk 1" என்று வரும்போது அளவைப் பார்த்து உறுதி செய்யாமல் நீக்கினால், கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க் காலியாகிவிடும். நிறுவனம் தந்த மீட்புப் பகுதியும் இங்கே நிரந்தரமாகப் போய்விடும்.

பட்டியலில் டிஸ்க்கே தெரியாமல் போவதும் உண்டு. இன்டெல் 11ஆம் தலைமுறை முதலான லேப்டாப்கள் சிலவற்றில் விஎம்டி என்ற சேமிப்புக் கட்டுப்பாடு இயங்குவதால், நிறுவல் நிரலின் கண்ணுக்கு எஸ்எஸ்டி புலப்படாது. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் போட்டு, "Load driver" வழியாகக் காட்டினால் டிஸ்க் தோன்றும். வைஃபை டிரைவர் இல்லாமல் முதல் திரையில் மாட்டிக்கொண்டால், ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்கலாம்.

எப்போது பென்டிரைவ்தான் வழி

நான்கு சந்தர்ப்பங்களில் பென்டிரைவை நாடுவது நியாயம். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டால், அது காலி என்பதால் ரீசெட் செய்ய அங்கே எதுவும் இல்லை. ரீசெட் தொடர்ந்து தோற்றால் வேறு வழியில்லை. வைரஸோ கள்ள ஆக்டிவேட்டரோ புகுந்த கணினி என்றால், பழைய டிரைவர்களையும் பழைய கோப்புகளையும் சுமந்து வரும் வழியை நம்பாமலிருப்பது நல்லது. நான்காவது, விண்டோஸ் 10. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தைய பிராசஸரோ உள்ள லேப்டாப்பை எப்படியும் துடைக்கப் போகிறோம் என்றால், ரீசெட் செய்து 10க்கே திரும்புவதைவிட, பென்டிரைவிலிருந்து 11ஐப் போடுவது பொருத்தம்.

பென்டிரைவ் வழியும் அடிமட்டம் வரை சுத்தம் செய்வதில்லை. 2015இல் லெனோவோ லேப்டாப்களில் வெளிவந்த விவகாரம் இதற்கு உதாரணம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில், ஆலையிலேயே வைத்து அனுப்பிய சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் பாதுகாப்பான இணைய இணைப்புகளுக்குள்ளேயே நுழைந்து பார்ப்பது அம்பலமானது. அதைக் கேள்விப்பட்டு டிஸ்க்கைத் துடைத்தவர்கள் அந்த நிரலிலிருந்து விடுபட்டார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொன்று தெரியவந்தது. "லெனோவோ சர்வீஸ் இன்ஜின்" என்ற நிரல் சில மாடல்களில் டிஸ்க்கில் அல்லாமல் பயாஸிலேயே குடியிருந்தது. புத்தம் புதிய விண்டோஸ் போட்டாலும், கணினி தொடங்கும்போது பயாஸ் அந்த நிரலை விண்டோஸுக்குள் மறுபடி வைத்தது. லெனோவோ புதிய பயாஸ் வெளியிட்டு அதை அகற்றியது. ஆனால் அதற்கு வழிவிடும் விண்டோஸின் ஏற்பாடு இன்றும் இருக்கிறது. புதிதாக விண்டோஸ் போட்ட அசுஸ் லேப்டாப்பில் அந்த நிறுவனத்தின் ஆர்மரி கிரேட் நிரலை நிறுவச் சொல்லிக் கேட்பது அப்படித்தான்.

எந்த வழியில் போனாலும் முதல் நாளில் வேகத்தை அளக்கக் கூடாது. அப்டேட்டுகள் இறங்கிக்கொண்டிருக்கும், தேடலுக்கான அட்டவணை உருவாகிக்கொண்டிருக்கும், ஒன்டிரைவ் கோப்புகளை இழுத்துக்கொண்டிருக்கும். ஓரிரு நாள் விட்டுப் பார்த்தால்தான் உண்மை வேகம் தெரியும். பிரவுசரில் பழைய கணக்கோடு நுழைந்ததும், முன்பு கணினியைத் திணறடித்த எக்ஸ்டென்ஷன்களும் சிங்க் வழியாகத் திரும்பி வந்துவிடும். அவற்றை அங்கேயே நீக்க வேண்டும். எல்லாம் அடங்கிய பிறகும் "Task Manager"இல் டிஸ்க் 100 சதவீதத்திலோ, ரேம் 90 சதவீதத்துக்கு மேலோ நின்றால், அடுத்த செலவு எஸ்எஸ்டிக்கோ ரேமுக்கோதான் போக வேண்டும்.